தைப்பொங்கல் ரீலுக்கான கேப்ஷன்களும் ஹேஷ்டேகுகளும்

அன்புள்ள சித்தப்பா, தாண்டிக்குடித் தோட்டத்தில் எடுத்த 40 விநாடிக் காட்சிகளை முழுவதும் பார்த்துவிட்டு இவற்றை எழுதியிருக்கிறேன். காபிப் பழம் பறிப்பது, கோவேறு கழுதையின் முதுகில் வாழைத்தார் இறங்கி வருவது, பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்குவது, இறுதியில் பானை பொங்குவது என்று வரிசை நன்றாக அமைந்திருக்கிறது. நடுவில் சேர்த்திருக்கும் வெண்ணெய்ப்பழக் காட்சியை மட்டும் எடுத்துவிடுங்கள். அது ஆடி, ஆவணியில் காய்த்தபோது எடுத்தது என்பது மலைக்காரர் எவருக்கும் தெரியும். தை மாத ரீலில் அதைக் கண்டால் மற்றவற்றையும் சந்தேகிப்பார்கள்.

பொங்கலன்று காலையில் வெளியிட வேண்டிய முதன்மைக் கேப்ஷன் இது. திரையில் முதலிரண்டு வரிகள்தாம் தெரியும், மீதியைத் தொட்டால்தான் விரியும் என்பதால், ஊரையும் விளைச்சலையும் முதல் வரியிலேயே வைத்துவிட்டேன்.

"தாண்டிக்குடி மலையில் காபியும் வாழையும் ஒரே நிழலில் விளைகின்றன, தை பிறக்கும்போது இரண்டும் ஒன்றாகவே வீடு வந்து சேர்கின்றன. கார்த்திகையில் சிவக்கத் தொடங்கிய காபிப் பழங்களைப் பறித்து, தோல் நீக்கிக் களத்தில் உலர்த்திக்கொண்டிருக்கும் வேளையில் எங்கள் வாசலில் பொங்கல் பொங்குகிறது. இந்த மண்ணுக்கும், பறித்த கைகளுக்கும், சுமந்த கால்களுக்கும், வாங்கி உண்ணும் உங்களுக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்துகள்."

#தைப்பொங்கல் #தாண்டிக்குடி #கீழ்ப்பழனிமலை #பழனிமலைக்காபி #மலைவாழை

இது சற்று நீளமாகத் தோன்றினால், அதே காட்சிக்கு ஒற்றை வரியில் "கொடியில் மிளகு, செடியில் காபி, நிழலில் வாழை, வாசலில் பொங்கல்" என்று போடலாம். எனக்கு நீளமானதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் "பொங்கலோ பொங்கல்" என்று மட்டும் எழுதிய ஆயிரம் ரீல்களுக்கு நடுவில் வேலையின் விவரம் சொல்லும் ஒன்று தனியாகத் தெரியும்.

வாழைத்தார் காட்சியைத் தனி ரீலாக வெட்டுவதானால், அதற்குச் சொல்ல வேண்டிய செய்தி நிறைய இருக்கிறது.

"இது விருப்பாச்சி மலைவாழை. முடிக்கொத்து நோய் இந்த மலைகளில் வாழையைப் பெருமளவில் அழித்த காலம் உண்டு. அதைத் தாண்டி மீண்டு வந்த இனம் இது. 2008-09-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழத்தில் நீர்ச்சத்துக் குறைவு என்பதால் எளிதில் அழுகாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதை விரும்பித் தேடியதன் காரணமும் அதுதான். தோல் சுருங்கிக் கறுத்த பழத்தை ஒதுக்கிவிடாதீர்கள். இனிப்பு அதில்தான் கூடியிருக்கும்."

#விருப்பாச்சிமலைவாழை #மலைவாழைப்பழம் #பழனிமலை #பொங்கல்படையல் #திண்டுக்கல்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்பவர்களின் கூட்டம் ஒட்டன்சத்திரம் சாலையில் பெருகும் நாள்களில் இதையே மீண்டும் வெளியிடலாம். அப்போது "பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களுக்கு எங்கள் மலையின் வணக்கம்" என்று முதல் வரியை மாற்றி, #தைப்பூசம் #பழனிபாதயாத்திரை என்ற இரண்டையும் சேர்த்தால் போதும். ஆனால் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாம்தான் பழம் கொடுக்கிறோம் என்று படிப்பவர் எண்ணும்படி எதையும் எழுதக் கூடாது. பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் பெயரைச் சரக்கின் பெயராக்குவது நமக்கு அழகல்ல.

பூண்டுக்கான கேப்ஷனில் கூடுதல் கவனம் வேண்டும். அது நம் தோட்டத்தில் விளைந்ததல்ல, பூம்பாறையிலிருந்து வாங்கி விற்பது என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

"பூம்பாறையின் படிவயல்களில் இப்போது பூண்டுப் பயிர் பச்சையாக நிற்கிறது, அது பங்குனி வாக்கில்தான் கைக்கு வரும். இந்தப் பொங்கலுக்கு நாங்கள் தருவது சென்ற போகத்தில் பிடுங்கி, கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகையில் பதப்படுத்திய மலைப்பூண்டு. பூம்பாறை விவசாயிகளிடமே நேரில் வாங்கினோம். தோல் நிறம் சற்று மங்கியிருக்கும், காரமும் மணமும் மங்கியிருக்காது."

#கொடைக்கானல்மலைப்பூண்டு #பூம்பாறை #மலைப்பூண்டு

கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதுதான். அந்தச் செய்தியைக் கேப்ஷனில் சொல்லலாம். முத்திரையைப் பொதியில் அச்சிடப் பதிவு பெற்ற பயனராக இருக்க வேண்டும் என்பதால், பொதி தெரியும் காட்சியில் அது இடம்பெற வேண்டாம். அதே காரணத்தால் #ஆர்கானிக், #இயற்கைவிவசாயம் ஆகிய இரண்டையும் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் நீக்கிவிட்டேன். நாம் தெளிப்பது குறைவு என்பது உண்மைதான், ஆனால் சான்றிதழ் கையில் இல்லை. கேட்பவருக்கு என்ன செய்கிறோம் என்பதை விளக்கிச் சொன்னால் போதும்.

மாட்டுப் பொங்கலுக்கு ஒரு சிறிய கேப்ஷன் போதும்: "வண்டி ஏறாத சரிவுகளில் எங்கள் விளைச்சலைச் சுமந்து வந்தவர்கள் இவர்கள். இன்று மாலையும் பொங்கலும் பசுவுக்கு மட்டுமல்ல, கோவேறு கழுதைக்கும் உண்டு." அதற்கு #மாட்டுப்பொங்கல் #மலைத்தோட்டம் #தாண்டிக்குடி என்ற மூன்றே போதும். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் அதிகம் பகிர்வார்கள், ஏனெனில் சமவெளியில் இருப்பவர்கள் கொம்புக்கு வண்ணம் தீட்டிய காளையைத்தான் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

விற்பனைக்கான கேப்ஷனைப் போகிக்கு முந்தைய வாரமே வெளியிட வேண்டும். வாழ்த்தையும் விலையையும் ஒரே ரீலில் கலக்க வேண்டாம் என்பது என் கருத்து.

"பொங்கல் மலைக்கூடை: விருப்பாச்சி மலைவாழை ஒரு சீப்பு, சிக்கரி கலக்காத காபித்தூள் 500 கிராம், மலைப்பூண்டு 250 கிராம், மிளகு 100 கிராம். விலை 750 ரூபாய். திண்டுக்கல், வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம், மதுரை ஆகிய ஊர்களுக்குப் போகிக்கு முதல் நாளுக்குள் கொண்டுவந்து சேர்ப்போம். மிளகு சென்ற ஆண்டு அறுவடை. இந்த ஆண்டு மிளகு இப்போதுதான் கொடியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. வேண்டுவோர் உள்பெட்டியில் ஊர்ப் பெயரை அனுப்புங்கள்."

#பொங்கல்மலைக்கூடை #பொங்கல்சீர் #மலைவிளைபொருள் #மதுரை #திண்டுக்கல்

பொங்கல் சீர் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் வலுவாக இருப்பதால், அந்த ஒரு ஹேஷ்டேகை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். "மகள் வீட்டுச் சீர்வரிசையில் இந்த ஆண்டு மலையின் மணமும் சேரட்டும்" என்ற வரியைக் காணொளியின் மேலேயே எழுத்தாகப் போடலாம்.

தட்டச்சு செய்யும்போது ஹேஷ்டேகின் நடுவே இடைவெளியோ புள்ளியோ வந்தால் அந்த இடத்தோடு அது அறுந்துவிடும்; ஆகவே கே.சி.பட்டியைச் சேர்க்க விரும்பினால் #கேசிபட்டி என்றே எழுத வேண்டும். நம் ஊர்ப் பெயரைப் பலர் ஒற்று விட்டு எழுதித் தேடுவதால் #தாண்டிகுடி என்பதையும் முதன்மை ரீலில் சேர்த்துக்கொள்ளலாம். #ஊட்டி, #நீலகிரி என்று கூட்டத்தை இழுக்கும் பெயர்களைப் போட வேண்டாம். அவை வேறு மலை, அவற்றின் விளைச்சலும் வேறு.

"விலை என்ன" என்று கருத்துப் பகுதியில் கேட்பவர்களுக்கு, "வணக்கம், மலைக்கூடை 750 ரூபாய், கொண்டுவந்து சேர்க்கும் செலவும் அதில் அடக்கம், தனித்தனியாக வாங்குவதானால் எது, எவ்வளவு வேண்டும் என்று தெரிவியுங்கள்" என்று பொதுவிலேயே பதிலளித்துவிடுங்கள். அதையே முதல் கருத்தாகப் பொருத்தி வைத்துவிட்டால், சித்தியும் நீங்களும் பண்டிகை நாளில் கைபேசியோடு உட்கார வேண்டியிருக்காது.