வாடகை உயர்வு தொடர்பாக

கொக்குவில்,
2025.12.08

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வருகிற தை மாதம் முதல் வாடகை 36,000 ரூபா என்று நீங்கள் போன கிழமை அனுப்பிய கடிதம் கிடைத்தது. இந்தத் தொகைக்கு என்னால் சம்மதிக்க முடியாது.

2023 தை மாதம் நொத்தாரிசு முன்னிலையில் நாம் இருவரும் கையெழுத்திட்ட ஐந்து வருட ஒப்பந்தத்தில், வருடத்துக்கு 8 வீதத்துக்கு மேல் வாடகை கூட்டுவதில்லை என்று தெளிவாக இருக்கிறது. 25,000 ரூபாவில் தொடங்கியது, 2024 இல் 27,000 ஆகவும் 2025 இல் 29,160 ஆகவும் கூடியது. இரண்டு தடவையும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. இம்முறை கூடுவது 6,840 ரூபா. அது 23 வீதத்துக்கும் மேல். 8 வீதம் என்றால் 31,492 ரூபா 80 சதம்தான் வரும். சரி, 31,500 ஆகவே தருகிறேன்.

விலைவாசி ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அது என் வீட்டுச் செலவையும் விட்டுவைக்கவில்லை. அதற்காகத்தானே அன்றைக்கே ஒரு வீதத்தைப் பேசி எழுதினோம்? மூன்று வருடமும் ஐந்தாம் திகதிக்கு முன்னர் வங்கியில் போட்டிருக்கிறேன், பற்றுச்சீட்டுகள் எல்லாம் இருக்கின்றன. கிணற்று மோட்டர் எரிந்தபோதும் என் காசில் திருத்தினேன், அதை வாடகையில் கழிக்கவில்லை.

பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். இந்த வீட்டை விட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. தை முதல் 31,500 ரூபாவை வழமையான கணக்கில் வைப்பிலிடுவேன். டிசம்பர் 20 க்கு முன்னர் உங்கள் சம்மதத்தை எழுத்தில் தாருங்கள். நேரில் கதைப்பது நல்லதென்றால், ஞாயிறு பின்னேரம் ஒப்பந்தப் பிரதியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
மேல்மாடி வாடகைக்காரன்

இணைப்பு: ஒப்பந்தப் பிரதி, வங்கிப் பற்றுச்சீட்டுப் பிரதிகள்