மூலக்கூறு வடிவமும் இனக்கலப்பும்: புள்ளி அமைப்பைப் பார்த்து விடை தேர்க

பயிற்சித்தாள் 4 | நேரம்: 25 நிமிடம் | மதிப்பெண்: 14

ஒவ்வொரு வினாவிலும் சரியான விடைக்கு 1, ஒரே வரியில் எழுதும் காரணத்துக்கு 1.

படங்களில் மைய அணுவின் தனித்த எலக்ட்ரான்கள் எல்லாம் வரையப்பட்டுள்ளன. வெளி அணுக்களின் தனித்த இரட்டைகள் இடம் கருதி விடப்பட்டுள்ளன. 4, 5 ஆம் வினாக்களில் ஒரு கோடு ஒரு பிணைப்பு இரட்டையைக் குறிக்கும். புள்ளி அமைப்பு எது எதோடு பிணைந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தாளில் தெரியும் கோணம் மூலக்கூறின் கோணம் அல்ல.

1. இரண்டிலும் மைய அணுவோடு இரண்டு ஆக்சிஜன்கள் பிணைந்துள்ளன. பிணைப்புக் கோணங்கள், முறையே:

```
                     ..
O :: C :: O     O :: S : O
```

அ) 180°, 180°
ஆ) 180°, ஏறத்தாழ 119°
இ) 120°, 120°
ஈ) 180°, ஏறத்தாழ 104°

2. இருமுனை திருப்புத்திறன் பற்றிய சரியான கூற்று:

```
    ..              ..
H : N : H       F : N : F
    ..              ..
    H               F
```

அ) N–F பிணைப்பு அதிக முனைவுடையது என்பதால் NF₃-க்கே அதிகம்
ஆ) இரண்டுக்கும் சமம்
இ) NH₃-க்கு அதிகம்
ஈ) இரண்டுக்கும் சுழி

3. ஒரு மாணவர் CH₂Cl₂-ஐ இரண்டு விதமாக வரைந்திருக்கிறார்:

```
     H                  H
     ..                 ..
Cl : C : Cl         H : C : Cl
     ..                 ..
     H                  Cl
```

அ) முதலாவது முனைவற்றது, இரண்டாவது முனைவுள்ளது
ஆ) இரண்டும் ஒரே மூலக்கூறு, முனைவுள்ளது
இ) இரண்டும் ஒரே மூலக்கூறு, முனைவற்றது
ஈ) இரண்டும் வெவ்வேறு மாற்றியங்கள், இரண்டுமே முனைவுள்ளவை

4. எது முனைவுள்ளது?

```
    F                F
    | ..          .. | ..
F - S - F        F - Xe - F
    |                |
    F                F
```

அ) SF₄ மட்டும்
ஆ) XeF₄ மட்டும்
இ) இரண்டும்
ஈ) இரண்டுமில்லை

5. ஃபார்மமைடில் நைட்ரஜனின் இனக்கலப்பும் அதைச் சுற்றிய கோணமும்:

```
    O
    ||  ..
H - C - N - H
        |
        H
```

அ) sp³, ஏறத்தாழ 107°
ஆ) sp², ஏறத்தாழ 120°
இ) sp, 180°
ஈ) sp³, 109.5°

6. O–N–O கோணத்தின் இறங்குவரிசை:

```
                        .               ..
[O :: N :: O]+     O :: N : O     [O :: N : O]-
```

அ) NO₂⁻ > NO₂ > NO₂⁺
ஆ) NO₂⁺ > NO₂⁻ > NO₂
இ) NO₂⁺ > NO₂ > NO₂⁻
ஈ) மூன்றும் சமம்

7. ஒருவர் BF₃-ஐ இப்படி வரைந்து, "பிரமிடு வடிவம், முனைவுள்ளது" என்று விடை எழுதினார்:

```
    ..
F : B : F
    ..
    F
```

அ) விடை சரி
ஆ) படம் சரி, வடிவம் தவறு
இ) படத்தில் ஓர் இரட்டை கூடுதல், உண்மையில் சமதள முக்கோணம், 120°, முனைவற்றது
ஈ) படத்தில் ஓர் இரட்டை குறைவு, உண்மையில் நான்முகி, 109.5°

---

விடைகளும் விளக்கமும்

1 – ஆ. இரட்டைப் பிணைப்பை ஒரே திசையாகத்தான் எண்ண வேண்டும். கார்பனைச் சுற்றி இரண்டு திசைகள்: sp, 180°. கந்தகத்தைச் சுற்றி இரண்டு பிணைப்புத் திசைகளும் ஒரு தனித்த இரட்டையும் சேர்ந்து மூன்று: sp², V வடிவம். ஈ எழுதியவர்கள் கந்தகத்தைத் தண்ணீரின் ஆக்சிஜன்போல எண்ணியிருப்பார்கள். அங்கே தனித்த இரட்டை இரண்டு, இங்கே ஒன்றுதான்.

2 – இ. இரண்டும் sp³, இரண்டும் பிரமிடு. வேறுபாடு திசையில் இருக்கிறது. NH₃-இல் எலக்ட்ரான் அடர்த்தி ஹைட்ரஜனிலிருந்து நைட்ரஜனை நோக்கி நகர்கிறது. தனித்த இரட்டையின் பங்கும் அதே பக்கம். எல்லாம் கூடி 1.47 டிபை. NF₃-இல் மூன்று ஃபுளூரின்களும் கீழே இழுக்க, தனித்த இரட்டை மேலே நிற்கிறது. ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுகட்டி 0.23 டிபை மட்டும் மிஞ்சுகிறது. பிணைப்பு இரட்டைகள் ஃபுளூரின் பக்கம் விலகிப் போவதால் நைட்ரஜன் அருகே அவற்றின் விலக்கமும் குறைகிறது. அதனால்தான் கோணம் 107° இலிருந்து 102° ஆகிறது. காரணத்தில் "அம்பு" வரைந்து காட்டினால் முழு மதிப்பெண்.

3 – ஆ. அதிகம் பேர் தவறும் வினா. முதல் படத்தில் இரண்டு குளோரின்களும் 180° எதிரெதிரே இருப்பதுபோலத் தெரிகிறது. "ஈடாகிவிடும்" என்று கை தானாக எழுதிவிடுகிறது. நான்முகியில் எந்த இரண்டு மூலைகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே 109.5° அளவுதான், எதிர்மூலை என்று ஒன்று கிடையாது. களிமண் உருண்டையில் நான்கு குச்சிகள் குத்தித் திருப்பிப் பார்த்தால், முதல் படம் இரண்டாவதாக மாறுவதைக் கண்ணால் காணலாம். மாற்றியமும் இல்லை. திருப்புத்திறன் 1.60 டிபை.

4 – அ. கந்தகம்: நான்கு பிணைப்பு இரட்டை, ஒரு தனித்த இரட்டை, ஆக ஐந்து. அடிப்படை முக்கோண இருபிரமிடு. தனித்த இரட்டை நடுத்தளத்தில் உட்காரும், ஏனெனில் அங்கே 90° தொலைவில் இரண்டு பிணைப்புகள்தான். அச்சில் உட்கார்ந்தால் மூன்று. மீதி நான்கு ஃபுளூரின்கள் சீசா வடிவம். அச்சு F–S–F 180° அல்ல, ஏறத்தாழ 173°. நடுத்தளத்தில் 120° அல்ல, ஏறத்தாழ 102°. முனைவு மிஞ்சுகிறது.

செனான்: நான்கும் இரண்டும் ஆறு, அடிப்படை எண்முகி. இரண்டு தனித்த இரட்டைகளும் எதிரெதிரே நிற்கும். படத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிவதை நம்பாதீர்கள். சதுரத் தளம், 90°, முனைவற்றது.

பாடத்திட்டப்படி sp³d, sp³d² என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் கணக்கீடுகள் d ஆர்பிட்டால்களின் பங்கு மிகச் சிறிது என்றே காட்டுகின்றன. வடிவத்தைத் தீர்மானிப்பது இரட்டைகளின் எண்ணிக்கை. அந்தப் பெயர்களை எண்ணிக்கைக்கு இட்ட அடையாளமாக வைத்துக்கொள்வதே நல்லது.

5 – ஆ. வெறும் எண்ணிக்கை இங்கே ஏமாற்றும். மூன்று பிணைப்பு, ஒரு தனித்த இரட்டை, எனவே sp³ என்று வரும். ஆனால் அந்த இரட்டை பக்கத்து C=O-வோடு உடனிசைவில் பங்குகொள்கிறது; அதற்கு அது p ஆர்பிட்டாலில் இருந்தாக வேண்டும். எனவே நைட்ரஜன் sp², மூலக்கூறு ஏறத்தாழச் சமதளம். விதி: தனித்த இரட்டை உள்ள அணுவை அடுத்து π பிணைப்பு இருந்தால், எண்ணியதும் நிறுத்தாமல் உடனிசைவு அமைப்பையும் வரைந்து பாருங்கள்.

6 – இ. 180°, 134°, 115°. மைய நைட்ரஜனில் தனித்த எலக்ட்ரான் இல்லை, ஒன்று, இரண்டு. ஒற்றை எலக்ட்ரானின் விலக்கம் இரட்டையை விடக் குறைவு. அதனால் NO₂-இன் கோணம் 120°-ஐத் தாண்டி விரிகிறது.

7 – இ. இணைதிறன் எலக்ட்ரான்கள்: போரான் 3, ஃபுளூரின் 7 × 3 = 21, மொத்தம் 24. மூன்று பிணைப்புகளுக்கு 6, மூன்று ஃபுளூரின்களின் தனித்த இரட்டைகளுக்கு 18. அங்கேயே 24 தீர்ந்துவிட்டது. போரான் மேல் வைத்த இரட்டையோடு 26 ஆகிறது. எண்மத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்ற பழக்கத்தால் வருகிற பிழை இது. போரான் இங்கே ஆறோடு நிற்கிறது. படத்தை நம்பி அ-வைத் தேர்ந்தவர்கள், மொத்த எண்ணை முதல் வரியில் எழுதிவிட்டுப் புள்ளி வைக்கும் முறைக்கு மாறவும்.