தலைப்பால்
(ஓரங்க நாடகம்)

பாத்திரங்கள்
சிவகாமி: 23 வயது. பாளையங்கோட்டைப் பெண். முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.
ஆரணி: 22 வயது. டோர்ட்முண்டிலேயே பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணம்.
யோனாஸ்: பக்கத்து அறைக்காரன். அவன் பேசுவது ஆங்கிலம். மேடையில் எழுத்துத் தமிழிலேயே பேசட்டும், உச்சரிப்பைக் கோமாளித்தனமாக்க வேண்டாம்.
கோமதி: சிவகாமியின் அம்மா. செல்பேசியில் முகமும் குரலும்.
அப்பா: குரல் மட்டும்.

இடம்: டோர்ட்முண்ட், மாணவர் விடுதியின் பொதுச் சமையலறை. அக்டோபர் மாத ஞாயிறு, காலை பதினொன்றரை. நான்கு வட்ட இரும்புத் தட்டுகள் பதித்த பழைய மின்சார அடுப்பு. குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு, பெயர் ஒட்டியிருக்கிறது. கதவில் ஜெர்மன் மொழியில் ஒரு காகிதம்.

(நடிப்பவர்கள் நிஜமாகவே சமைத்தால் நல்லது. முடியாவிட்டால் இஞ்சியையாவது நசுக்குங்கள். முன்வரிசைக்கு வாசனை போக வேண்டும்.)

(திரை விலகும்போது சிவகாமி கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். செல்பேசி சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.)

கோமதி: கதவ எதுக்குட்டி அடைக்க? வேக்காடா இருக்காது?

சிவகாமி: மெதுவாப் பேசும்மா. எல்லாரும் தூங்குதாங்க. வாசம் வெளிய போச்சுன்னா சண்டைக்கு வருவாங்க. கதவுல நோட்டீசே ஒட்டிட்டாங்க.

கோமதி: என்னன்னு?

சிவகாமி: முழுசாப் புரியல. "ஜன்னல்"னு ஒரு வார்த்த இருக்கு. என்னைத்தான் சொல்லுதாங்க.

கோமதி: வந்ததுலருந்து என்னதான் சாப்டுத?

சிவகாமி: கேன்டீன்ல எல்லாம் கெடைக்கும்மா. (குப்பைக்கூடையில் துருத்திக்கொண்டிருக்கும் நூடுல்ஸ் உறைகளைக் காலால் உள்ளே தள்ளுகிறாள்.) காய் வெந்துட்டு. அடுத்து?

கோமதி: முருங்கக்கா போட்டியா?

சிவகாமி: இல்ல. தமிழ்க் கடையில உறைய வச்சது இருந்துது, வெலையப் பாத்துட்டு வச்சிட்டேன். மாசம் 992 யூரோதான் கைக்கு வரும், அதுல வாடகையும் போவணும். நூக்கோல் போட்டிருக்கேன்.

கோமதி: சொதியில நூக்கோலா? ஒங்க ஆச்சி இருந்தான்னா...

சிவகாமி: ஆச்சி இல்லல்லா. மேல சொல்லு.

கோமதி: பாசிப்பருப்ப மசிச்சு விடு. தேங்கா துருவிட்டியா? மொதப் பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு தனித்தனியா எடுக்கணும். அம்மியில அரைச்சு எடுத்தாத்தான் சொதி. மத்ததெல்லாம் வெள்ளத் தண்ணி.

சிவகாமி: (400 மில்லி தேங்காய்ப்பால் டப்பாவைத் திரைக்குக் காட்டி) இதாம்மா அம்மி.

(கோமதி பேசவில்லை. அப்பாவின் குரல் பின்னாலிருந்து.)

அப்பா: டப்பாப் பாலா? அது ஒரு மாதிரி வாட அடிக்கும்ட்டி! எனக்கெல்லாம் ஒரு வாயில தெரிஞ்சிரும்.

கோமதி: (திரும்பி) நீங்க போய் செத்த படுங்க. (திரும்ப, தணிந்த குரலில்) ஆட்டாத. மேல கட்டியா நிக்கும் பாரு, அத கரண்டியால வழிச்சுத் தனியா வை. அதான் தலைப்பால். அடியில இருக்கதுல தண்ணியச் சேத்துக் காயில ஊத்து. அளவாக் கொதிக்கட்டும்.

சிவகாமி: (நிமிர்ந்து) ஒனக்கு எப்படித் தெரியும்?

கோமதி: இஞ்சிச் சாறு எடுத்தியா?

(கதவு தள்ளப்படுகிறது. துண்டு வழுக்குகிறது. யோனாஸ் உள்ளே வந்து, மூக்கைத் தூக்கி, நேராக ஜன்னலுக்குப் போய் அகலத் திறக்கிறான். குளிர்காற்று. சிவகாமி சட்டென்று மூடியை எடுத்துப் பாத்திரத்தை மூடுகிறாள்.)

சிவகாமி: மன்னிச்சிருங்க. பத்து நிமிசத்துல முடிச்சிருவேன்.

யோனாஸ்: எதற்கு?

சிவகாமி: வாசம்... நோட்டீஸ்...

யோனாஸ்: அதை எழுதியது நான்தான். குளியலறைச் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. எல்லோரும் தினமும் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று எழுதினேன். ஒருவரும் படிப்பதில்லை. (பாத்திரத்தைக் காட்டி) இது இஞ்சியா?

கோமதி: யாருட்டி அந்தப் பையன்? தாடி வச்சிருக்கான்?

சிவகாமி: பக்கத்து ரூம்மா. ஜன்னல் தொறக்க வந்தாரு.

(ஆரணி கொட்டாவியுடன் வருகிறாள்.)

ஆரணி: ஆர் தேங்காய்ப்பால் காய்ச்சுறது? நீங்களா? ஐயோ, சொதியோ!

சிவகாமி: நீங்க தமிழா? ரெண்டு வாரமா என்கிட்ட "ஹலோ"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனீங்க?

ஆரணி: நீங்களும் ஹலோ எண்டுதானே சொன்னனீங்கள். (எட்டிப் பார்த்து) மஞ்சள் போடேல்லையா?

கோமதி: (திரையிலிருந்து, உரக்க) மஞ்சளா! சொதிக்கா?

ஆரணி: வணக்கம் அன்ரி. எங்கட அம்மா போடுறவ. வெந்தயமும் போடுவா. இடியப்பத்துக்கு அப்பிடித்தான்.

கோமதி: இடியாப்பத்துக்கா? இது கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிறது யம்மா. சோத்துல ஊத்தித் திங்கணும். தொட்டுக்க இஞ்சித் தொவையலும் உருளக்கெழங்கு வறுவலும் வேணும். வெள்ளையா இருந்தாத்தான் அது சொதி.

ஆரணி: (சிவகாமியிடம், மெல்ல) எங்கட வீட்டில இதுக்கு வேற பேர் வைச்சிருப்பினம்.

சிவகாமி: ஸ்ஸ்.

கோமதி: நொர கட்டுதா? இப்பத் தலைப்பால ஊத்து. ஊத்திட்டு ஒடனே அடுப்ப அணை. கொதிச்சா திரிஞ்சிரும்.

(சிவகாமி ஊற்றுகிறாள். குமிழைத் திருகி அணைக்கிறாள். மூவரும் குனிந்து பார்க்கிறார்கள்.)

கோமதி: அணைச்சியா?

சிவகாமி: அணைச்சிட்டேன்.

கோமதி: பின்ன எப்படிக் கொதிக்கி? இங்க தெரியுதே!

சிவகாமி: அணைச்சிட்டேம்மா! பூச்சியத்துலதான் இருக்கு! (குமிழை முன்னும் பின்னும் திருகுகிறாள்.) ஏன் நிக்க மாட்டேங்குது? திரியப் போவுது, எம்மா, திரியப் போவுது...

ஆரணி: தட்டில சூடு நிக்கும்! சட்டியத் தூக்குங்கோ! (கையில் கிடைத்த துண்டோடு பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்துத் தட்டில் வைக்கிறாள்.) இந்த அடுப்பு அணைச்சாப் பிறகும் பத்து நிமிசம் எரியும். நானும் முதல் கிழமை பால்கஞ்சியக் கருக்கினனான்.

(அமைதி. சிவகாமி கரண்டியால் தொட்டுப் பார்க்கிறாள்.)

சிவகாமி: திரியல.

கோமதி: எலுமிச்சம்பழம் இப்பதான் புழியணும், எறக்கின பொறவு.

சிவகாமி: (குளிர்பெட்டியில் தன் தட்டில் தேடி) பழம் வாங்க மறந்துட்டேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஒரு கடையும் கெடையாது.

(யோனாஸ் பேசாமல் தன் தட்டிலிருந்து பாதி வெட்டிய எலுமிச்சையை எடுத்து நீட்டுகிறான். ஆரணி தன் அலமாரியிலிருந்து கடுகும் உறையில் கட்டிய கறிவேப்பிலையும் கொண்டுவருகிறாள். தாளிப்பின் சடசடப்பு.)

சிவகாமி: (ருசி பார்க்கிறாள். இன்னொரு தரம்.) எம்மா. நம்ம வீட்டுச் சொதி மாதிரியே இருக்கு. அப்படியே.

கோமதி: இருக்காதா பின்ன.

சிவகாமி: இல்ல, அச்சு அசலா. டப்பாப் பால்ல எப்படி? நீ அம்மியிலல்லா...

கோமதி: (சுற்றிலும் பார்த்துவிட்டு) அம்மியத் தூக்கிக் கொல்லையில போட்டு மூணு வருசமாச்சு. பாக்கெட்டுப் பொடிதான். கட்டியாக் கரைச்சா தலைப்பால், தண்ணியாக் கரைச்சா மூணாம் பால். இதுக்குப் போயி...

அப்பா: (குரல்) என்னது பொடியா?

கோமதி: நீங்க இன்னும் படுக்கலியா?

அப்பா: போன தீவாளிக்கு வச்சது?

கோமதி: அதுவும்தான். வாட அடிக்குன்னு சொன்னியளா? மூணு கரண்டி கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டிய!

(மூவரும் சோறு பரிமாறிக்கொள்கிறார்கள். கோமதி சொன்னதை ஆரணி யோனாஸிடம் மொழிபெயர்க்கிறாள். யோனாஸ் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைக்கிறான்.)

யோனாஸ்: உருளைக்கிழங்கு வேண்டும் என்றார்கள் அல்லவா? பாப்பிரிக்கா சுவைதான் இருக்கிறது.

(ஆரணி தன் கிண்ணத்தில் சொதி ஊற்றி, அலமாரியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை மஞ்சளைத் தூவிக் கலக்குகிறாள். சிவகாமி அதைப் பார்க்கிறாள். தன் கிண்ணத்தையும் நீட்டுகிறாள்.)

கோமதி: ஏட்டி, என்ன அது மஞ்சளா இருக்கு? கிட்டக் காட்டு. சிவகாமி!

சிவகாமி: (செல்பேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி) எம்மா... சத்தம் விட்டு விட்டு வருதும்மா... இங்க நெட்டு சரியில்ல...

(திரை)