வீட்டுக் கணக்கெடுப்பு அட்டவணை: இன்னும் சந்தேகம் தீராத 16 கட்டங்கள்

சங்கச் செயலாளர் அண்ணனுக்கும் மகளிர் குழு அக்காமாருக்கும் வணக்கம்.

மிக்ஜாம் வெள்ளமும் எண்ணெயும் சேர்ந்து புகுந்த பிறகு, ஜனவரி 2024-இல் நம் குப்பத்தில் வீடு வீடாக எழுதிய கணக்கு நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டேன். மொத்தம் 112 வீடு. கோப்பின் பெயர் kuppam_survey_v2.xlsx. நோட்டும் இத்துடன் வருகிறது, பத்திரமாக வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் ஆதாரம்.

முதல் வரிசையில் தலைப்பு இருக்கிறது. அதனால் நோட்டில் வரிசை எண் 27 என்றால் கோப்பில் 28. கீழே நான் சொல்வதெல்லாம் கோப்பின் எண்கள். சந்தேகமானவற்றுக்கு மஞ்சள் அடித்திருக்கிறேன். என் ஊகம் எதையும் அவற்றில் எழுதவில்லை.

I40 முதல் I43 வரை: சேதமான வலை எண்ணிக்கை. இதுதான் பெரிய சிக்கல். மேலே I39-இல் 3 என்று தெளிவாக இருக்கிறது. அதன் கீழே நாலு வீட்டுக்கும் இரண்டிரண்டு சின்னக் கோடு. 'மேற்படி' என்று போட்ட குறியா, 11 என்று எழுதியதா? மேற்படி என்றால் நாலு வீட்டுக்கும் சேர்த்து 12 வலை. 11 என்றால் 44. அதே பக்கத்தில் வேறு பத்தியிலும் இந்தக் கோடுகள் வருகின்றன, அங்கே மேற்படிதான். ஆனாலும் வலைக் கணக்கில் அதை நம்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தை எழுதிய தம்பியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தீரும்.

K28, K71: கிடைத்த நிவாரணத் தொகை. முதல் இலக்கம் 6-ஆ 8-ஆ தெரியவில்லை. ரேஷன் கடையில் கொடுத்தது 6,000. குடிசை சேதத்துக்கு அரசு அறிவித்தது 8,000. ஆகவே இரண்டுமே நடந்திருக்கக்கூடிய தொகைதான். K28 கூரை வீடு. K71 மெத்தை வீடு என்பதால் 6,000-ஆக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அது தோன்றுவது மட்டும்தான், கேட்டுவிடுங்கள்.

K17, K55, K77: ஒன்றும் எழுதவில்லை. பணம் வரவில்லை என்பதா, கேட்க மறந்ததா? வராத மற்ற வீடுகளுக்கு நோட்டில் 0 போட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மூன்றையும் 0 ஆக்காமல் வெறுமையாகவே விட்டேன். தயவுசெய்து நீங்களும் 0 போட்டுவிடாதீர்கள்.

D48, J48: ஒரே கதவு, 9 பேர், இரண்டு ரேஷன் கார்டு. அண்ணன் தம்பி குடும்பமாக இருக்கலாம். ஒரே அடுப்பா, தனி அடுப்பா என்று கேளுங்கள். தனி என்றால் வரிசையைப் பிரிக்க வேண்டும், 112 என்பது 113 ஆகும்.

J64, J90: ரேஷன் கார்டின் கடைசி நான்கு எண் ஒன்றேதான். ஒன்று கணவர் பெயரில், மற்றது ஒரு பெண் பெயரில். ஒரே வீட்டை இரண்டு பேர் தனித்தனியே எழுதியிருக்கலாம். தற்செயலாகவும் இருக்கலாம், 112 வீடுகளில் ஏதோ இரண்டுக்குக் கடைசி நான்கு எண் ஒத்துப்போவது அப்படியொன்றும் அபூர்வமல்ல. முழு எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்த பிறகு முழு எண்ணைக் கோப்பில் ஏற்ற வேண்டாம்.

G102, G103, G104: தொழில். பக்கம் நனைந்து மை பரவியிருக்கிறது, 'க' மட்டும் தெரிகிறது. கருவாடா, கடையா, கட்டட வேலையா?

இவை தீரும்வரை வலைக் கூட்டுத்தொகையையும் நிவாரணக் கூட்டுத்தொகையையும் மனுவில் சேர்க்காதீர்கள். தீர்ப்பாயத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் 32 வலை வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால், சரியாக இருக்கிற மற்ற வீடுகளின் கணக்கையும் சேர்த்தே சந்தேகப்படுவார். வீட்டு வகை, படகு இரண்டு பத்திகளிலும் ஒரு மஞ்சளும் இல்லை. அவற்றை இப்போதே எடுத்துக்கொள்ளலாம்.

கதவு எண் பத்தியைக் கவனியுங்கள். 3/4 என்று அடித்தால் எக்செல் அதை ஏப்ரல் மாதத் தேதியாகவோ மார்ச் மாதத் தேதியாகவோ மாற்றிவிடும். அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து வடிவமாக மாற்றி வைத்திருக்கிறேன். போனில் திறந்து திருத்தாதீர்கள், பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்களை நோட்டிலேயே, பழையதை அடிக்காமல் பக்கத்தில் வேறு நிற மையில் எழுதி, யாரைக் கேட்டது, எந்தத் தேதி என்றும் போட்டு அந்தப் பக்கங்களை மட்டும் படம் பிடித்து அனுப்புங்கள். ஞாயிறு வலை பின்னுகிற இடத்தில் உட்கார்ந்தால் பாதிப் பேர் அங்கேயே கிடைப்பார்கள். வந்த அன்றைக்கே ஏற்றி, மஞ்சளை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
நோட்டைத் தட்டச்சு செய்த தன்னார்வலர்
திருவொற்றியூர், மார்ச் 2024