ஒரே ஒரு குளியலறை: ஸ்பானிஷில் காலை முதல் இரவு வரை

ஸ்பெயினின் தலைநகர் மத்ரீதில், லவாபியெஸ் பகுதியில் ஒரு பழைய வீடு. மார்தாவும் எலேனாவும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். பாப்லோ நேற்றுதான் மூன்றாவது அறைக்கு வந்திருக்கிறான். குளியலறை ஒன்றே ஒன்றுதான். அதனால் மார்தா முதலில் நேரத்தைப் பேசி முடித்துவிட நினைக்கிறாள்.

படிக்கும் முன் ஒன்று: 'துச்சோ', 'தியென்தெஸ்' ஆகியவற்றின் முதல் எழுத்தைத் 'தினம்' என்பதில் வருவதுபோல மெல்லச் சொல்லுங்கள். 'பாஞோ'வின் ப, 'பஸ்'ஸில் வரும் ப. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகு பொருளைப் பாருங்கள்.

மார்தா: பாப்லோ, ஆ கே ஓரா தே லெவான்தாஸ்?
பாப்லோ, நீ எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?

பாப்லோ: மே தெஸ்பியெர்தோ ஆ லாஸ் ஸெய்ஸ் இ மேதியா, பேரோ மே லெவான்தோ ஆ லாஸ் ஸியெத்தே.
ஆறரைக்கு விழிப்பு வந்துவிடும், ஆனால் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பேன்.

மார்தா: யோ தாம்பியென்! இ தே துச்சாஸ் போர் லா மஞானா?
நானும்தான்! காலையிலா குளிப்பாய்?

பாப்லோ: ஸீ. மே துச்சோ, மே அஃபெய்த்தோ இ மே விஸ்தோ என் எல் பாஞோ.
ஆமாம். குளிப்பது, சவரம் செய்வது, உடுத்துவது எல்லாமே குளியலறையில்தான்.

மார்தா: ஆய், பாப்லோ! ஸோலோ ஆய் உன் பாஞோ.
ஐயோ, பாப்லோ! இருப்பது ஒரே குளியலறை.

பாப்லோ: இ எலேனா? ஆ கே ஓரா ஸே லெவான்தா?
எலேனா? அவள் எப்போது எழுந்திருப்பாள்?

மார்தா: எலேனா த்ரபாஹா என் உன் பார். ஸே அக்குவெஸ்தா ஆ லாஸ் த்ரேஸ் இ ஸே லெவான்தா ஆ லாஸ் ஓன்ஸே.
எலேனாவுக்கு ஒரு பாரில் வேலை. மூன்று மணிக்குப் படுப்பாள், பதினொன்றுக்கு எழுந்திருப்பாள்.

பாப்லோ: என்தோன்ஸெஸ், மே துச்சோ போர் லா நோச்சே, ஆன்தெஸ் தே அக்கொஸ்தார்மே. போர் லா மஞானா ஸோலோ மே லாவோ லா காரா இ லோஸ் தியென்தெஸ்.
சரி, அப்படியென்றால் நான் இரவில், படுக்கும் முன் குளித்துவிடுகிறேன். காலையில் முகம் கழுவி, பல் தேய்ப்பது மட்டும்தான்.

மார்தா: பெர்ஃபெக்தோ! லோஸ் தொமிங்கோஸ் நோஸ் லெவான்தாமோஸ் தார்தே இ தெஸாயுனாமோஸ் சூர்ரோஸ் கோன் சொக்கொலாத்தே.
அருமை! ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தாமதமாக எழுந்து, காலை உணவுக்குச் சூர்ரோஸும் சாக்லேட்டும் சாப்பிடுவோம்.

'ஓன்ஸே', 'என்தோன்ஸெஸ்' இரண்டிலும் வரும் 'ஸே' ஒலியை மத்ரீதில் நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் சாதாரண ஸ ஒலிதான். எந்தப் பக்கத்து உச்சரிப்பைப் பழகினாலும் சரி.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். அகராதியில் 'லெவான்தார்ஸே', 'துச்சார்ஸே' என்று கடைசியில் 'ஸே' ஒட்டியிருக்கும். பேசும்போது அது வினைக்கு முன்னால் வந்து, யார் செய்கிறாரோ அவருக்கு ஏற்ப மாறும். நான் என்றால் 'மே', நீ என்றால் 'தே', அவன், அவள், நீங்கள், அவர்கள் என்றால் 'ஸே', நாங்கள், நாம் இரண்டுக்கும் 'நோஸ்'. ஸ்பெயினில் நண்பர்கள் பலரைச் சேர்த்து 'நீங்கள்' என்றால் மட்டும் 'ஓஸ்'. வினையின் ஈறும் கூடவே மாறும்: மே லெவான்தோ, தே லெவான்தாஸ், ஸே லெவான்தா. இந்த இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜோடியாகவே வாயில் ஏற்றுங்கள், அதுதான் நிற்கும்.

நமக்கு இது முற்றிலும் புதிதில்லை. 'தலை சீவிக்கொண்டேன்', 'முகம் துடைத்துக்கொண்டாள்' என்கிறோமே, அந்தக் 'கொள்' செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் இந்த 'மே', 'ஸே' செய்கின்றன. ஆனால் தமிழில் கொள் இல்லாமலும் பேசிவிடலாம். ஸ்பானிஷில் விட்டால் பொருள் மாறிவிடும்: 'லாவோ எல் கோச்சே' என்றால் காரைக் கழுவுகிறேன், 'மே லாவோ' என்றால் என்னையே கழுவிக்கொள்கிறேன்.

பாப்லோ 'லா காரா' என்றான், 'மி காரா' அல்ல. 'மே' இருப்பதால் யாருடைய முகம் என்பது தெரிந்துவிடுகிறது. 'என்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

'முன்' என்று பொருள் தரும் 'ஆன்தெஸ் தே'யில் உள்ள 'தே', நீ என்பதற்கான 'தே' அல்ல. இது போன்ற சொற்களுக்குப் பின் வினை அகராதியில் உள்ள வடிவில் வரும். அப்போது 'மே' பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்: அக்கொஸ்தார்மே. மார்தா கேட்டிருந்தால் 'ஆன்தெஸ் தே அக்கொஸ்தார்தே?' என்றிருப்பாள்.

சில வினைகளில் உயிரொலியும் மாறுகிறது. அக்கொஸ்தார்ஸே, மே அக்குவெஸ்தோ ஆகிறது. தெஸ்பெர்தார்ஸே, மே தெஸ்பியெர்தோ ஆகிறது. 'நோஸ்', 'ஓஸ்' வரும்போது மட்டும் பழைய ஒலியே திரும்பும்: நோஸ் அக்கொஸ்தாமோஸ், நோஸ் தெஸ்பெர்தாமோஸ். கடைசி வரியின் 'தெஸாயுனாமோஸ்' முன்னால் 'நோஸ்' இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தினசரிச் செயல் எல்லாம் இந்த வகையில் சேராது. சாப்பிடுவதும் வேலை செய்வதும் சாதாரண வினைகளே.

இப்போது எலேனாவாகப் பேசுங்கள். எப்போது படுக்கிறீர்கள், எப்போது எழுந்திருக்கிறீர்கள் என்று பாப்லோ கேட்கிறான். விடை: 'மே அக்குவெஸ்தோ ஆ லாஸ் த்ரேஸ் இ மே லெவான்தோ ஆ லாஸ் ஓன்ஸே.' அப்புறம் உங்கள் வீட்டு நேரங்களைப் போட்டு இதையே சொல்லிப் பாருங்கள்.