கூடலூர் மலைக்கோயில்களின் நிலமும் நிர்வாகமும்: தமிழ்நாடு, மலபார் அறநிலையச் சட்டங்கள் குறித்த ஒப்பீட்டுக் கொள்கைக் குறிப்பு

நீலகிரி மாவட்ட அறங்காவலர் நியமனக் குழுவின் உறுப்பினர்களுக்கும், கூடலூர், பந்தலூர் வட்டங்களில் உள்ள கோயில்களின் அறங்காவலர்களுக்கும் இக்குறிப்பு அளிக்கப்படுகிறது. இதை எழுதுபவர் கூடலூரில் நிலவுரிமை வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர்.

கோயிலை நிர்வகிக்க வேண்டியது அரசுத் துறையா, தன்னாட்சி வாரியமா என்ற கேள்வியே பொதுவெளியில் அதிகம் பேசப்படுகிறது. எல்லையோர மலைக்கோயில்களுக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும் என்பது இக்குறிப்பின் நிலைப்பாடு. கோயிலின் நிலம் எது, அதன் எல்லை எங்கே முடிகிறது, அது எந்தப் பதிவேட்டில் எந்தப் பெயரில் நிற்கிறது என்பவை தீராதவரை, எவ்வளவு நல்ல நிர்வாகமும் காக்க ஒன்றுமில்லாத காவலாகவே இருக்கும்.

ஒரே வேர், இரண்டு கிளைகள்

கூடலூர் 1877 வரை மலபார் மாவட்டத்தின் வயநாட்டுப் பகுதியாக இருந்து, அதன் பின்னரே நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது மலபார் கேரளத்திற்குச் சென்றது. கூடலூர் சென்னை மாநிலத்திலேயே தங்கியது. அதுவரை இரு பகுதிகளுக்கும் பொதுவாக இருந்தது 1951-ஆம் ஆண்டுச் சென்னை இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம். சென்னை மாநிலம் அதைக் கைவிட்டு 1959-இல் புதிய சட்டம் இயற்றிக்கொண்டது. மலபார்ப் பகுதியில் அந்த 1951-ஆம் ஆண்டுச் சட்டமே திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அங்கு மலபார் தேவஸ்வம் வாரியம் உருவானது. திருவிதாங்கூர், கொச்சி வாரியங்களின் வழி வேறு. அவை 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆளப்படுகின்றன; திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாய் வழங்க அரசமைப்பின் 290-ஏ பிரிவே வகை செய்கிறது. தமிழ்நாட்டிற்கு வந்த குமரிப் பகுதிக் கோயில்களுக்காக 13.5 லட்சம் ரூபாயை நம் மாநிலம் வழங்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மலபாருக்கு அப்படியொரு அரசமைப்பு உறுதி இல்லை. ஆகவே நமக்குப் பொருத்தமான ஒப்பீடு சபரிமலையையும் குருவாயூரையும் கொண்டு செய்யப்படுவதன்று. நாடுகாணி மலைக்கு அப்பாலுள்ள நிலம்பூரையும் வயநாட்டையும் கொண்டு செய்யப்படுவதாகும்.

நிலத்தைக் காக்கும் விதிகள்

கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, மாற்றிக்கொள்ளவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் முன் அனுமதி வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. மலபாரில் நடைமுறையிலுள்ள 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது; வேர் ஒன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் இதற்கு மேலும் சில அரண்களைக் கட்டியிருக்கிறது. ஆக்கிரமிப்பாளரையும், குத்தகைக் காலம் முடிந்த பிறகும் வெளியேறாதவரையும் உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திராமல், 78, 79-ஆம் பிரிவுகளின்படி இணை ஆணையரே விசாரித்து அகற்றலாம். நீண்ட காலம் அனுபவித்துவிட்டேன், ஆகவே நிலம் எனதே என்று ஒருவர் சொல்லும் வாதத்தை, கோயில் நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று கூறும் 109-ஆம் பிரிவு அடைத்துவிடுகிறது.

நிலச்சீர்திருத்தத்தில்தான் இரு மாநிலங்களும் முற்றாகப் பிரிந்தன. கேரளம் 1970 ஜனவரி 1 முதல், குத்தகையாளர் கையிலிருந்த நிலங்களின் மீது நிலவுடைமையாளருக்கு இருந்த உரிமையை அரசிடம் சேர்த்து, குத்தகையாளரையே உடைமையாளராக்கும் வழியைத் திறந்தது. பொதுச் சமய நிறுவனங்களுக்கு நிலத்திற்கு ஈடாக நிரந்தர ஆண்டுத்தொகை பெறும் உரிமை அளிக்கப்பட்டது. உழுதவருக்கு நிலம் என்ற அளவில் அது பெரிய நீதி. அதைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் இக்குறிப்பிற்கு இல்லை. ஆயினும் விளக்கெண்ணெய்க்கும் நிவேதனத்திற்கும் நெல்லாக வந்துகொண்டிருந்த வருவாய், பண மதிப்பு தேயத் தேயத் தானும் தேயும் தொகையாக மாறிற்று. தமிழ்நாடோ பொதுச் சமய அறக்கட்டளைகளை நில உச்சவரம்பிலிருந்து விலக்கி, சாகுபடி செய்வோருக்கு 1961-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின் மூலம் வெளியேற்றத்திலிருந்து காப்பளித்தது. எனவே இங்கே கோயிலுக்கு உடைமை தங்கியது, உழுபவருக்கு அனுபவம் தங்கியது. இந்த ஏற்பாட்டில் குத்தகை நிலுவைகளும் வழக்குகளும் பெருகின என்பது உண்மைதான். எனினும் நிலம் கோயில் பெயரிலேயே நிற்கிறது.

கூடலூரின் தனிச்சிக்கல்

மேற்கண்ட பொது நிலை கூடலூருக்கு அப்படியே பொருந்தாது. இப்பகுதியின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். 1969-ஆம் ஆண்டுக் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் 1974-இல் நடைமுறைக்கு வந்தபோது ஜென்ம உரிமை அரசைச் சேர்ந்தது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் வரும் தோட்டக் குத்தகைகளின் கதி இன்றும் பேச்சாகவே இருப்பதால், ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்ற சொல்லை இவ்வூரில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஒன்பதாவது அட்டவணைச் சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2007-இல் அளித்த தீர்ப்பு நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த வழக்கு கிளம்பியதே இந்தக் கூடலூர்ச் சட்டத்திலிருந்துதான்.

இந்தச் சுழலில் சிறு கோயில்கள் எங்கே நிற்கின்றன என்பதற்கு நான் பார்த்த ஓர் ஆவணக்கட்டே போதிய விளக்கம். தேயிலைத் தோட்டத்தின் நடுவே, ஒரு காவும் குளமும் சேர்ந்து ஓர் ஏக்கர் இருபது சென்ட் அளவில் ஒரு பகவதி கோயில் இருக்கிறது. அதன் பரம்பரை அறங்காவலரிடம் உள்ள ஒரே ஆதாரம், மலையாள எழுத்தில் எழுதப்பட்ட ஒரு பழைய சீட்டு. நிலவரித்திட்ட விசாரணை நடந்தபோது கோயிலுக்காக யாரும் ஆஜராகவில்லை. வருவாய்க் கணக்கில் அந்த இடம் சுற்றியுள்ள தோட்டத்தின் புல எண்ணிலேயே அடங்கிவிட்டது. கோயில் இருக்கிறது, ஆண்டுத் திருவிழா நடக்கிறது, வெளிச்சப்பாடு இன்றும் வாளேந்தி ஆடுகிறார். ஆனால் காகிதத்தில் அங்கே தேயிலைச் செடி மட்டுமே உள்ளது. 34-ஆம் பிரிவும் 78-ஆம் பிரிவும் எவ்வளவு கூர்மையானவையாக இருந்தாலும், கோயிலுடையது என்று பதிவாகாத நிலத்தின் மீது அவற்றை எப்படி ஏவுவது?

இதைவிட நலிந்த நிலையில் இருப்பவை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் தேயிலைத் தோட்ட லைன்களில் கட்டிய மாரியம்மன் கோயில்கள். அவற்றில் பல நிற்பது வனத்துறை நிலத்தில். அங்கு உரிமை கோருவதற்கு இரு சட்டங்களிலும் இடமில்லை. வழிபாட்டு உரிமையைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்வதே நடைமுறை வழி.

யார் நிர்வகிப்பது

தமிழ்நாட்டில் அறங்காவலர் நியமனம் கோயிலின் ஆண்டு வருவாயைப் பொறுத்தது. 46-ஆம் பிரிவின் பட்டியலில் சேரும் கோயில்களுக்கு 47-ஆம் பிரிவின்படி மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்படும். அதில் ஒருவர் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருந்தாக வேண்டும். ஆண்டு வருவாய் 10,000 ரூபாயை எட்டாத சிறு கோயில்கள் அப்பட்டியலில் சேராமல் 49-ஆம் பிரிவின்கீழ் உதவி ஆணையரின் பொறுப்பில் வருகின்றன. பணியரும் குறும்பரும் தலைமுறைகளாக விளக்கேற்றிவரும் கோயில்களில் அவர்களுள் ஒருவருக்கு அறங்காவலர் இருக்கை கிடைப்பது சட்டம் தந்த உரிமை. அதைச் சலுகையாகக் கருதுவது தவறு.

மலபாரில் ஊராளர் எனப்படும் பரம்பரை அறங்காவலர் குடும்பங்களின் செல்வாக்கு இன்றும் வலுவாக உள்ளது. பரம்பரையல்லாத அறங்காவலர்களை வாரியம் நியமிக்கிறது. தீவிர அரசியலில் இருப்போரை அந்த இடங்களில் நியமிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. தேவஸ்வம் வழக்குகளுக்கென்று அந்நீதிமன்றத்தில் தனி அமர்வு தொடர்ந்து இயங்குவது நாம் கற்க வேண்டிய ஒன்று. கொச்சி தேவஸ்வம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-இல் கோயில் சொத்தை நிர்வாகிகளே இழப்பதை வேலியே பயிரை மேய்வதற்கு ஒப்பிட்டு, அதைக் கடுமையாக அணுகுமாறு அறிவுறுத்தியது. வாரியம் வந்துவிட்டால் பயிர் தானே காக்கப்படும் என்று நம்புவோருக்கு அத்தீர்ப்பு ஒரு பதில்.

நம் பக்கத்தில் அடிக்கடி எழும் மனக்குறை, செயல் அலுவலர் நியமனம். 45-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை ஆணையருக்குத் தருகிறது. முறைகேட்டைச் சரிசெய்யவே நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் திருப்பித் தர வேண்டும், காலவரம்பின்றி வைத்திருக்க முடியாது என்று சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது; நியமனத்திற்கான விதிகள் 2015-இல் வகுக்கப்பட்டன. தனிச் சமயப்பிரிவின் உரிமைகளைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவும் காக்கிறது. படகர் சமுதாயத்தினர் ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பில் நடத்திவரும் ஹெத்தையம்மன் வழிபாடு போன்றவற்றை அணுகும்போது இவ்விரண்டையும் மனத்தில் கொள்ளாவிட்டால், வழக்கும் கசப்புமே மிஞ்சும்.

பரிந்துரைகள்

முதலும் முதன்மையுமான வேலை, தமிழ்நாட்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படியான சொத்துப் பதிவேட்டைக் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு முழுமையாக்குவது. ஜூலை 1-இல் தொடங்கும் வரும் பசலி ஆண்டிற்குள் இதை முடிக்க இயலும் என்பது என் மதிப்பீடு. நில அளவர், கிராம நிர்வாக அலுவலர், அறநிலையத் துறை ஆய்வர் மூவரோடு பழைய மலையாள ஆவணங்களை வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் சேர்த்து ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அந்த நான்காமவர் இல்லாமல் முன்பு சென்ற குழுக்கள் கையிலிருந்த சான்றை வாசிக்காமலே திரும்பின. கோவிலகக் கணக்குகளின் படிகள் நிலம்பூர்ப் பக்கத்தில் கிடைக்கும் வாய்ப்பு இருப்பதால், மலபார் தேவஸ்வம் வாரியத்திடம் எழுத்து மூலம் ஒத்துழைப்புக் கோர வேண்டும். காவும் குளமும் தனி உட்பிரிவாகப் புல வரைபடத்தில் ஏற்றப்பட வேண்டும்.

அப்பணி முடியும்வரை, 17-ஆம் பிரிவுத் தகராறில் உள்ள புல எண்களில் 78-ஆம் பிரிவு நடவடிக்கையைத் தொடங்காதிருப்பது நல்லது. கோயிலை ஒட்டி அரை ஏக்கரில் இஞ்சி பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பம், பெருந்தோட்டம் செய்த தவற்றுக்கு முதலில் விலை கொடுக்கும் நிலை வந்துவிடக் கூடாது.

செயல் அலுவலர் நியமனம் தவிர்க்க முடியாத இடங்களில், காரணமும் முடிவுத் தேதியும் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். ஆண்டுத் தணிக்கை அறிக்கையின் சுருக்கம் தமிழிலும், தேவைப்படும் ஊர்களில் மலையாளத்திலும் கோயில் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கோயில் நிலங்களும் தொன்மைப் பொருள்களும் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் பிறப்பித்த 75 கட்டளைகளின் நோக்கத்தோடு இது முழுவதும் இசைகிறது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.

அறங்காவலர் தேர்வுப் பட்டியலை மாவட்டக் குழு அடுத்து தயாரிக்கும்போது, 49-ஆம் பிரிவுக் கோயில்களுக்கும் பழங்குடியினர், பெண்கள் என்ற 47-ஆம் பிரிவின் அளவுகோலைத் தானாகவே கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன பகவதி கோயிலின் பரம்பரை அறங்காவலருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. அந்தச் சீட்டில் குறித்துள்ள நான்கு எல்லைகளை நிலத்தில் நின்று சுட்டிக்காட்டத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவரே. ஆகவே அளவைப் பணியை அந்தக் கோயிலிலிருந்து தொடங்க வேண்டும்.