அம்மாவின் சாப்பாட்டுச் சார்ட்: வீட்டில் எல்லோரும் படிக்க

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை அம்மாவை அழைத்து வந்தபோது சுகருக்கான சாப்பாட்டுச் சார்ட்டைக் கையில் கொடுத்துக் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டேன். கதவருகில் போய்த் திரும்பி, "அப்போ இனிமே சோறு கிடையாதாம்மா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. சமைக்கிறவர், பரிமாறுகிறவர், கும்பகோணத்திலிருந்து வந்து தங்கிப் போகும் அம்மாவின் பெண் என்று எல்லோரும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சோறு உண்டு, இட்லி உண்டு, காபியும் உண்டு. எதையும் பிடுங்குவதற்காக இந்தச் சார்ட் போடவில்லை. ஒரு வேளையில் குவிந்து கிடந்ததை நாள் முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டிலிருந்து சாதக் கரண்டியைக் கொண்டுவரச் சொன்னேன் அல்லவா? மதியம் "மூணே கரண்டிதான்" என்று அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கரண்டியில் அம்மா எப்போதும் போல் கூம்பாக அள்ளிக் காட்டியதைத் தராசில் வைத்தோம்: 140 கிராம். மூன்று கரண்டி என்றால் 420 கிராம் சோறு. அதே கரண்டியைத் தலைதட்டி எடுத்தால் 90 கிராம்தான். மதியம் அத்தனை சோறு, ராத்திரி சுகருக்குப் பயந்து ஒரு டம்ளர் ஓட்ஸ் கஞ்சி மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் 286 காட்டியதற்கும், விடிகாலை மூன்று மணிக்கு வேர்த்துக் கொட்டி அம்மா உங்களை எழுப்பியதற்கும் காரணம் இந்த இரண்டும்தான். மூன்று மாதத்தில் நான்கு கிலோ இறங்கி 54-க்கு வந்திருக்கிறார். 72 வயதில் அப்படி இளைப்பது நல்லதல்ல. கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையும், கால் தளரும், கீழே விழும் பயம் கூடும்.

அந்த வேர்வையைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட்டேன். சுகர் இறங்கியிருக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைக்கிறார். ராத்திரி கிளிமிபிரைடு மாத்திரையை நிறுத்தி, காலை மாத்திரையை மட்டும் வைத்துப் புதுச் சீட்டு எழுதியிருக்கிறார். பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். டப்பாவில் மீதமிருக்கும் ராத்திரி மாத்திரையையும் எடுத்துவிடுங்கள். அம்மா பழக்கத்தில் போட்டுக்கொள்ளக்கூடும்.

அளவுக்கு இனி அந்தக் கரண்டிதான் கணக்கு, தலைதட்டி. தராசு வாங்க வேண்டாம். காய், சாம்பார், சுண்டலுக்கு 150 மில்லி பிடிக்கும் உங்கள் எவர்சில்வர் கிண்ணம்.

காலை 6.30. காபி, 100 மில்லி பாலில், சர்க்கரை இல்லாமல். டிகாஷனைக் குறைத்துப் பாலின் ருசி தெரிகிற மாதிரி போட்டுக் கொடுங்கள், ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும். கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்று கேட்டீர்கள். இல்லை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே சுகரை ஏற்றும்.

காலை 8.00. கிளிமிபிரைடு மாத்திரை. போட்ட கால் மணி நேரத்துக்குள் அம்மா சாப்பிட ஆரம்பித்திருக்க வேண்டும். இது மட்டும் தவறக் கூடாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பூஜைக்கு உட்கார்ந்தால், பூஜை முடிவதற்குள் சுகர் இறங்கிவிடலாம். பூஜை முடிந்த பிறகு மாத்திரை, உடனே சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாடு முடிந்த பிறகு போடட்டும்.

மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், இரண்டு ஸ்பூன் சட்னி. சாம்பாரில் பருப்பு கரண்டியில் நிற்கும்படி இருக்கட்டும்.

மாற்றி மாற்றிக் கொடுப்பதற்கு இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: மூன்று இட்லியும், நடுத்தர அளவில் இரண்டு தோசையும், இரண்டு சப்பாத்தியும், மூன்று சின்ன இடியாப்பமும், ஒன்றரைக் கரண்டி சோறும் சுகர் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். உப்புமா என்றால் இரண்டு கரண்டி, பாதிக்குப் பாதி காய் போட்டது. பொங்கல் என்றால் ஒன்றரைக் கரண்டி, பாசிப்பருப்பைக் கூட்டி நெய்யை ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள். எது எதற்குப் பதில் வந்தாலும் ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும். இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு "கொஞ்சம் ரசம் சாதம்" என்று முடிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பச்சைப்பயறு தோசை மட்டும் விதிவிலக்கு, அதில் புரதம் அதிகம், மூன்று கூடச் சாப்பிடலாம்.

ராகியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராகி நல்லதுதான், கஞ்சியாகக் கரைத்துக் குடிப்பதில்தான் வம்பு. மென்று தின்னாமல் மாவாகக் கரைத்துக் குடிக்கிற எதுவும் வேகமாகச் செரித்து வேகமாகச் சுகரை ஏற்றும். ஓட்ஸ் கஞ்சியும் அப்படித்தான். ராகியை அடையாகவோ தோசையாகவோ, 50 கிராம் மாவில் கிளறிய களி உருண்டையாகவோ கீரைக் குழம்போடு கொடுங்கள். சாமை, தினை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், தாராளமாகச் சமையுங்கள். ஆனால் சிறுதானியம் என்பதற்காக ஒரு கரண்டி கூடுதலாகப் போடக் கூடாது. அதிலும் மாவுச்சத்து இருக்கிறது, அரிசிக்கு என்ன அளவோ அதற்கும் அதே அளவு.

காலை 11.00. ஒரு டம்ளர் நீர்மோர். கூடவே ஒரு பழம்: நடுத்தரக் கொய்யாவில் பாதி, அல்லது ஒரு கிண்ணம் பப்பாளித் துண்டு, அல்லது ஒரு சின்ன ஆப்பிள். பல் இல்லாததால் கொய்யாவை விதை நீக்கி மெல்லியதாகச் சீவுங்கள். ஜூஸாக அடிக்க வேண்டாம். மாம்பழக் காலத்தில் ஆசைப்பட்டால் இந்த நேரத்தில் மற்றப் பழத்துக்குப் பதிலாக இரண்டு சின்னத் துண்டு. சாப்பாட்டோடு சேர்த்துத் தர வேண்டாம்.

மதியம் 1.00. தலைதட்டிய இரண்டு கரண்டி சோறு. முதல் வாரம் இரண்டரை, அடுத்த வாரம் இரண்டு. திடீரென்று பாதிக்குக் கீழே இறக்கினால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கு இடிக்கும், அம்மாவுக்கும் மனசு விட்டுப்போகும். ஒரு கிண்ணம் பருப்பு அல்லது கெட்டிச் சாம்பார், ஒரு கிண்ணம் கூட்டு, ஒரு கிண்ணம் பொரியல், ரசம், அரைக் கிண்ணம் தயிர்.

பரிமாறும் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கூட்டும் பொரியலும் மட்டும் தட்டில் வையுங்கள். பாதிக்கு மேல் தீர்ந்த பிறகு சோறு. காயும் பருப்பும் முன்னால் போனால் பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை மெதுவாக ஏறும். வயிறும் நிறைந்திருப்பதால் மூன்றாவது கரண்டியை அம்மாவே கேட்க மாட்டார்.

உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கு. அரைக் கிண்ணம் சேனை வறுவல் வைத்தால் அரைக் கரண்டி சோற்றைக் குறையுங்கள். மற்றக் காய்களுக்குக் கட்டுப்பாடே இல்லை. பூசணி, கேரட், பீட்ரூட் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். பொரியலாக ஒரு கிண்ணம் சாப்பிடுவதால் எதுவும் ஆகாது.

வாரம் மூன்று நாள் ஒரு முட்டை, முழுதாக. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்றால் உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு, பொரிக்காமல். அம்மாவின் எடைக்கு ஒரு நாளைக்கு 55 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். பருப்பு, பால், சுண்டல், முட்டை இவற்றில்தான் அது வர வேண்டும். கிரியாட்டினின் 0.9 என்று நன்றாகவே இருப்பதால் பருப்புக்கும் பயறுக்கும் பயப்பட வேண்டாம்.

மாலை 4.30. சர்க்கரையில்லாத டீ, 100 மில்லி பாலில். அரைக் கிண்ணம் சுண்டல், நன்றாகக் குழைய வேக வைத்தது. கொண்டைக்கடலை கடிக்க முடியாது, பாசிப்பயறோ காராமணியோ போடுங்கள். பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள். நாலு மேரி பிஸ்கட் கிட்டத்தட்ட ஒன்றரை இட்லி. "சுகர் ஃப்ரீ" என்று எழுதியிருப்பதிலும் மைதா இருக்கத்தான் செய்கிறது.

இரவு 7.30. இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்புக் கடைசல், ஒரு கிண்ணம் காய். சப்பாத்தியைப் பிய்த்துக் கடைசலில் பத்து நிமிடம் ஊற வைத்தால் ஈறாலேயே மென்றுவிடலாம். பிடிக்காத நாளில் மூன்று இட்லி, அல்லது மெல்லிய அடை இரண்டு. கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுப்பது இனி வேண்டாம்.

இரவு 9.30. 200 மில்லி பால், சர்க்கரை இல்லாமல், மஞ்சள் மிளகு போட்டாலும் சரி. ராத்திரி சரியாகச் சாப்பிடாத அன்றைக்கு இது கட்டாயம்.

எண்ணெய் அம்மாவின் பங்குக்கு நாளைக்கு மூன்று டீஸ்பூன், உப்பு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். அதனால் ஊறுகாய், அப்பளம் வாரத்தில் ஒரு நாள். வெந்தயம் ஊற வைத்த தண்ணீர் குடித்தால் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது.

இனி முக்கியமான ஒன்று. அம்மாவுக்குத் திடீரென்று வேர்த்தாலோ, கை நடுங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். சுகர் நோயாளிக்குச் சர்க்கரையா என்று தயங்க வேண்டாம், அந்த நேரத்தில் அதுதான் மருந்து. மெஷின் கைக்குக் கிடைக்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஓர் இட்லியோ கொஞ்சம் பாலோ. அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை டப்பா ஒன்று அம்மாவின் கட்டிலருகில் இருக்கட்டும்.

சஷ்டி, ஏகாதசி விரதம் இந்த மாத்திரையோடு ஒத்து வராது. அம்மா விட மாட்டார் என்று தெரியும். அன்றைக்கு முழுப் பட்டினிக்குப் பதிலாக அதே நேரங்களில் இட்லி, பால், பழம், சுண்டல் சாப்பிட்டு விரதமாக வைத்துக்கொள்ளட்டும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் பிடிவாதம் என்றால் முந்தின நாளே டாக்டரைக் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளிலும் மாத்திரை போடும் முன் அவரைக் கேளுங்கள்.

கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரிக்கு ஆசைப்பட்டால் பாதி கொடுத்து, சோற்றில் அரைக் கரண்டி குறையுங்கள். நாலு பேர் முன்னால் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். அம்மா ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்தால் நம் கணக்கு எதுவும் நிற்காது. முடிந்தால் வீட்டில் எல்லோருக்கும் இந்தச் சமையலையே செய்யுங்கள், அம்மாவுக்குத் தனிச் சட்டி வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு, வாரம் மூன்று நாள், காலை வெறும் வயிற்றிலும் மதியம் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அன்று என்ன சாப்பிட்டார் என்றும் ஒரு வரி. சார்ட்டை மீறிய நாளையும் மறைக்காமல் எழுதுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அடுத்த செவ்வாய் விட்டு அதற்கடுத்த செவ்வாய் காலை 10 மணிக்கு வாருங்கள். நோட்டு, மெஷின், மாத்திரை டப்பா, அப்புறம் அந்தச் சாதக் கரண்டி, நான்கையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.